பிழை அதே 180, சிக்மா மட்டும் மூன்று: இன்வாய்ஸ் டீம் எதை எண்ணுவது?

ஒரு டீம் மாதத்துக்கு 4,000 இன்வாய்ஸ் பதிகிறது. சரிபார்த்ததில் 180 பிழைகள், அவை 150 இன்வாய்ஸ்களில் கிடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். வேலை எவ்வளவு பிழையில்லாமல் நடக்கிறது என்று காட்டும் சிக்மா எவ்வளவு? 4.34, 3.93, 3.28 என மூன்று விடையும் வரும். கணக்கு எதிலும் தப்பில்லை. பிழைக்கான ‘வாய்ப்பு’ என்று எதை எண்ணினோம் என்பதில்தான் வித்தியாசம்.

முதல் வழி, திரையில் உள்ள 20 கட்டங்களையும் வாய்ப்பாக எண்ணுவது. 180-ஐ 80,000-ஆல் வகுத்துப் பத்து லட்சத்தால் பெருக்கினால் டிபிஎம்ஓ, அதாவது பத்து லட்சம் வாய்ப்புக்கு வரும் பிழை, 2,250; சிக்மா 4.34. பார்க்க அழகுதான். ஆனால் சப்ளையர் பெயர், முகவரி, வங்கிக் கணக்கு எல்லாம் சப்ளையர் விவரங்களைச் சேமித்து வைத்திருக்கும் வெண்டார் மாஸ்டரிலிருந்து தானாக வந்து விழுபவை. யாரும் தட்டச்சு செய்யாத கட்டங்கள் வகுக்கும் எண்ணைப் பெருக்கிவிடுகின்றன.

இரண்டாவது வழி, பதிபவர் தன் கையால் இடுவதை மட்டும் எண்ணுவது: வெண்டார் கோடு, இன்வாய்ஸ் எண், தேதி, தொகை, ஜிஎஸ்டி, காஸ்ட் சென்டர் என ஆறு. இப்போது டிபிஎம்ஓ 7,500, சிக்மா 3.93. வெண்டார் கோடு தப்பினால் வங்கிக் கணக்கும் சேர்ந்தே தப்பும். அதை ஒரே பிழையாகத்தான் எழுத வேண்டும்.

மூன்றாவதில் இன்வாய்ஸே ஒரு வாய்ப்பு. 4,000-க்கு 150 என்றால் பத்து லட்சத்துக்கு 37,500, சிக்மா 3.28. பணத்துக்குக் காத்திருக்கும் சப்ளையர் பார்ப்பது இதைத்தான்: ஒரு பிழையோ மூன்றோ, பில் நிற்கிறது. ஆனால் மூன்று பிழை ஒன்றாகக் குறைந்தாலும் இந்த எண் அசையாது.

எக்செலில், B2-இல் டிபிஎம்ஓ இருந்தால்:

```
=NORM.S.INV(1-B2/1000000)+1.5
```

அந்த 1.5, நாளடைவில் செயல்முறை நழுவும் என்று வழக்கமாகக் கூட்டுவது. கூட்டாத டீமில் 3.93 என்பது 2.43 ஆகிவிடும். ஆகவே இன்னொரு டீமோடு ஒப்பிடும்முன் வாய்ப்புப் பட்டியலையும் இந்த 1.5-ஐயும் கேட்டுவிடுங்கள்.

டீமுக்குள் இரண்டாவது வழியே உதவும், ஆறில் எந்தக் கட்டம் கசிகிறது என்று பிரித்துப் பார்க்கலாம். நிர்வாகத்துக்கு மூன்றாவதை 3.75% என்று சதவீதமாகவே கொடுக்கலாம். முதல் வழி வேண்டாம்.

இரண்டாவதிலும் ஒரு ஓட்டை உண்டு. ஏற்கெனவே INV-0123 என்று பதிந்த பில்லை மறுபடி INV0123 என்று பதிந்தால் பல சிஸ்டங்கள் அதைப் புது பில்லாக எடுத்துக்கொள்ளும். பணம் இரண்டு முறை போகும். டிபிஎம்ஓவில் இதுவும் தேதிப் பிழையும் ஒன்றுதான். இரட்டைப் பேமெண்டைத் தனியாக, ரூபாயில் எழுதி வையுங்கள்.

சாம்பிள் அளவையும் கவனியுங்கள். 200 இன்வாய்ஸ் மட்டும் பார்த்தால் வாய்ப்பு 1,200. ஒரு பிழைக்கு 4.64, இரண்டுக்கு 4.44. ஒரே ஒரு பிழையில் 0.2 சிக்மா இறங்குகிறதென்றால், அந்த மாத ஏற்ற இறக்கத்தை வைத்து யாரையும் பாராட்டவோ திட்டவோ முடியாது.