ரேகை, முகம், பின் நம்பர்: போன் யார் பேச்சைக் கேட்கும்?

போன வாரம் அத்தை மாமாவின் போனிலிருந்து கூப்பிட்டார். "என் போன் ரேகையை எடுக்கவே மாட்டேங்குதுடா. விரலைத் துடைச்சுத் துடைச்சு வச்சுப் பாத்துட்டேன்." திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொன்னேன். போன் ரீஸ்டார்ட் ஆனதால் பின் நம்பர் வேண்டும் என்றிருந்தது. விரலில் ஒரு கோளாறும் இல்லை.

ரேகையும் முகமும் இரண்டு விதமாகத் தோற்கும். ஒன்று, போனுக்குச் சரியாகத் தெரியாமல் போவது. விரலை வைத்ததும் பொருந்தவில்லை என்று சொன்னால் இந்த வகை. ரேகைக்கு எதிரி ஈரம், எண்ணெய், காய்ந்த தோல். திரைக்கடியில் சென்சார் இருந்தால் புதிதாக ஒட்டிய கண்ணாடியும் சேர்த்தி. ஒட்டிய பிறகு ரேகையை மறுபடி பதிந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். முகத்துக்கு எதிரி இருட்டு. பல ஆண்ட்ராய்டு போன்கள் முன்கேமரா படத்தை மட்டுமே பார்க்கின்றன. ஐபோன் அகச்சிவப்பு ஒளியில் பார்ப்பதால் இருட்டிலும் திறக்கும். மாவு பிசையும் கைக்கு முகம், படுக்கையறைக்கு ரேகை என்பது என் கட்சி.

இன்னொன்று, போனே வேண்டுமென்று மறுப்பது. இதில் ரேகை, முகம் இரண்டும் ஒன்றுதான். போன் அணைந்து எழுந்ததும் உள்ளே இருப்பதெல்லாம் பூட்டிய நிலையில் இருக்கும். அதைத் திறக்கும் சாவி பின் நம்பரைப் போட்டால்தான் உருவாகும். அதுவரை தொடர்புப் பட்டியலைக்கூடப் போனால் படிக்க முடியாது. யாராவது அழைத்தால் பெயர் வராமல் வெறும் எண் வருவது அதனால்தான். ரீஸ்டார்ட் ஆகாவிட்டாலும், ரேகை நம்பகமாக உள்ள ஆண்ட்ராய்டு போன்கள் பொதுவாக 72 மணி நேரத்துக்கு ஒருமுறை பின் நம்பரைக் கேட்கும். கேமரா முகத்தை அவ்வளவு நம்பாததால், அதற்கு 24 மணி நேரம்தான். ஐபோன் 48 மணி நேரம் திறக்கப்படாமல் கிடந்தாலோ, 5 முறை பொருந்தாமல் போனாலோ கேட்கும்.

ஆக, பின் நம்பரை மாற்று வழி என்று நினைப்பது தலைகீழ். ரேகையும் முகமும்தான் அதற்குப் பதிலாள். பின் நம்பரை நீக்கினால் பதிந்த ரேகைகளும் போய்விடும். மறந்துவிட்டால் ரேகையை வைத்துப் புது நம்பர் போடவும் முடியாது, பழையதைக் கேட்கும். அப்படி மறந்து, ரேகை மட்டும் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தால், போனை அணைக்காமல் அன்றைக்கே படங்களை வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். அடுத்த முறை கேட்கும்போது எல்லாவற்றையும் அழித்துத் தொடங்குவதுதான் மிஞ்சும்.

அத்தை நான்கு முறை தப்பாகப் போட்டார். ஐந்தாவதும் தப்பு, 30 விநாடி காத்திருக்கச் சொன்னது. அந்த இடைவெளியில் மாமாவுக்குத்தான் ஞாபகம் வந்தது: பழைய லேண்ட்லைன் எண்ணின் கடைசி நான்கு இலக்கம். அதைப் போட்டுத் திறந்தார். அப்புறம் அதே விரலுக்கு முதல் தொடலிலேயே திறந்ததாம்.