லேர்னர்ஸுக்கு ஒரு லேண்டிங் பேஜ்: ஒரு வருசத்துக்கு மேல் பாவித்த பிறகு

புதுக்குடியிருப்பில் என்னைப் போலவே வாகனம் பழக்கும் லேர்னர்ஸ் நடத்தும் நண்பர் ஒருவர் போன கிழமை கேட்டார். "உங்கட பேஜ் எப்படிப் போகுது அண்ணை? நானும் ஒண்டு செய்விக்கலாமோ?" போனிலேயே விளங்கப்படுத்தத் தொடங்கினேன். இடையில் வேறு கோல்கள் வந்து வெட்டிக்கொண்டே இருந்தன. எல்லாம் அந்தப் பேஜால் வந்த கோல்கள்தான். ஆறுதலாக எழுதித் தருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பேஜ் எப்படியானது என்று நீளமாகச் சொல்லத் தேவையில்லை. ஒரே ஒரு பக்கம். பேஸ்புக் விளம்பரத்தை அழுத்தினால் அங்கே போய் நிற்கும். அதற்கு ஒரே வேலை, வந்தவரைக் கோல் எடுக்க வைப்பது. வவுனியாவில் ஒரு பெடியன் எழுதிச் செய்து தந்தார். கெட்டிக்காரன். அவர்மேல் எனக்குக் கோபமும் உண்டு, அது பிறகு வரும்.

இந்தப் பக்க லேர்னர்ஸ்காரர் எல்லோருடைய விளம்பரத்திலும் இருக்கும் வசனங்கள் உங்களுக்குத் தெரியும். நம்பிக்கை, தரம், அனுபவம் வாய்ந்த பயிற்றுவிப்பாளர்கள், குறைந்த கட்டணம். பெடியன் அதில் ஒன்றையும் எடுக்கவில்லை. பேஜின் தலையில் அவர் வைத்தது இதுதான்: "மெடிக்கலில் இருந்து ட்ரயல் வரை என்னென்ன செய்ய வேண்டும், எவ்வளவு காலம், எவ்வளவு முடியும்? ஒரு கோலில் சொல்லிவிடுகிறோம்." அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: "மூன்று விசயம் கேட்போம். உங்கள் வயசு, எந்த வாகனம், எந்த ஊர்."

முதலில் பார்த்தபோது இதில் எங்கள் பெருமையே இல்லையே என்றிருந்தது. பிறகுதான் சங்கதி பிடிபட்டது. மல்லாவியிலோ முழங்காவிலிலோ இருக்கிற ஒருவர் லேர்னர்ஸில் சேருவதற்காகக் கோல் எடுப்பதில்லை. எங்கே தொடங்குவது என்று தெரியாமல்தான் எடுக்கிறார். மெடிக்கல் முதலா, எழுத்துப் பரீட்சை முதலா, பரீட்சை தமிழில் எழுதலாமா, பஸ்ஸில் வந்து பழக முடியுமா என்று தலைக்குள் ஓடுகிறது. அதோடு, கோல் எடுத்தால் தன்னைச் சேரச் சொல்லி அரிப்பார்களோ என்ற பயமும் இருக்கிறது. "மூன்று விசயம் கேட்போம்" என்ற வரி அந்தப் பயத்தைப் போக்குகிறது. போனில் என்ன நடக்கும் என்று முதலே தெரிந்துவிட்டதால் கூச்சம் குறைகிறது. கோல் எடுக்கிறவர்களில் பலர் நாங்கள் வாயைத் திறக்க முதலே வயசையும் ஊரையும் தாங்களே சொல்லிவிடுகிறார்கள்.

இன்னொரு வரிக்கும் அவரைப் பாராட்ட வேண்டும். "எழுத்துப் பரீட்சை பாஸ் பண்ணி மூன்று மாதம் கழித்துத்தான் ட்ரயல். அதற்கு முதல் லைசன் எடுத்துத் தருகிறோம் என்று நாங்கள் சொல்லமாட்டோம்." இதைப் போட்டால் அவசரக்காரர் எல்லோரும் வேறு இடம் போய்விடுவார்கள் என்று நான் மறித்துப் பார்த்தேன். கொஞ்சப் பேர் போகத்தான் செய்தார்கள். ஆனால் ஒரு மாதத்தில் வந்து "எப்ப அண்ணை லைசன் வரும்?" என்று சண்டை பிடிக்கிற ஆட்களும் அவர்களோடேயே போய்விட்டார்கள். 40 கேள்வி, 30 சரியாக இருந்தால் பாஸ் என்பதையும் அதற்குக் கீழே போட்டிருக்கிறோம். படிப்பை இடையில் விட்டவர்கள் இந்த வரியைப் பார்த்துத் துணிந்து எடுத்ததாகச் சொல்லியிருக்கிறார்கள்.

கோல் பேஜால்தான் வருகிறது என்று எப்படித் தெரியும் என்று நண்பர் கேட்டார். இதற்குப் பெரிய மென்பொருள் ஒன்றும் தேவையில்லை. இரண்டு சிம் போடும் போனில் ஒரு புது சிம் போட்டோம். அந்த நம்பர் பேஜில் மட்டும்தான் இருக்கிறது. ஏ9 றோட்டில் உள்ள போர்ட்டிலும் வாகனத்தின் கண்ணாடியிலும் பழைய நம்பரே இருக்கிறது. எந்த சிம்மில் மணி அடிக்கிறது என்று பார்த்தால் போதும். முழுக்கச் சரியான கணக்கு என்று சொல்லமாட்டேன், ஒருவர் பேஜைப் பார்த்துவிட்டு நம்பரைச் சித்தப்பாவுக்கு அனுப்ப, சித்தப்பா பழைய நம்பருக்கு எடுப்பதும் நடக்கிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெரும்போக நெல் வெட்டி, காசு கைக்கு வந்த பிறகு கோல் தானாகவே கூடும். ஏ.எல் பரீட்சை முடிந்தாலும் கூடும். அந்த நேரத்தில் பேஜில் ஒரு வசனத்தை மாற்றிவிட்டு, வசனத்தால்தான் கூடியது என்று சந்தோசப்படக் கூடாது. நாங்கள் ஒரு கொப்பியில் மூன்று நிரல் போட்டு எழுதுகிறோம். ஊர், கேட்ட முதல் கேள்வி, வந்து சேர்ந்தாரா இல்லையா. மூன்றாவது நிரல்தான் உண்மையைச் சொல்லும்.

இப்போது கோபத்துக்கு வருகிறேன். பேஜில் விலை போடக் கூடாது என்று பெடியன் ஒற்றைக்காலில் நின்றார். "விலையைப் போட்டால் ஆக்கள் கோல் எடுக்கமாட்டினம் அண்ணை. விலை தெரியாட்டித்தான் எடுப்பினம்." அவர் சொன்னது சரி. எடுத்தார்கள். எடுத்து "எவ்வளவு முடியும்?" என்று கேட்டார்கள், சொன்னதும் "சரி, யோசிச்சுச் சொல்லுறன்" என்று வைத்தார்கள். கொப்பியின் இரண்டாவது நிரல் முழுக்க அந்த ஒரே கேள்விதான். பெடியனின் கணக்கில் அது வெற்றி, ஏனென்றால் அவருக்குப் பேசிய காசு கோல் எண்ணிக்கையைப் பார்த்துத்தான். வாகனத்துக்குள் பக்கத்துச் சீட்டில் இருந்து பிரேக்கில் கால் வைத்துக்கொண்டு அதே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னது நான்தான்.

கடைசியில் சண்டை பிடித்து விலையைப் போட வைத்தேன். அதை எப்படிப் போடுவது என்பதில்தான் விசயமே இருக்கிறது. "இத்தனை ரூபாயிலிருந்து" என்று போட்டால் பேஜ் அழகாகத்தான் இருக்கும், ஆள் வந்து முன்னால் நின்றதும் சண்டை தொடங்கும். அதனால் இங்கே அதிகம் பேர் கேட்கும் ஒரே ஒரு வகையை எடுத்தோம். முதல் தடவை லைசன் எடுப்பவர், மோட்டார் சைக்கிளும் காரும் சேர்த்து. அதற்கு எங்கள் முழுக் கட்டணத்தையும் ஒரே தொகையாகப் போட்டு, அதற்குள் என்ன அடக்கம் என்று எழுதினோம். எத்தனை வகுப்பு, எண்ணெய் யாருடையது, ட்ரயல் அன்று வாகனம் தருவது அதற்குள் அடக்கமா என்பது வரை. மெடிக்கலுக்கும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கும் கட்டுவது வேறு, அதை நீங்களே அங்கே கட்ட வேண்டும் என்று தனி வரி. ட்ரயலில் ஃபெயில் ஆனால் அடுத்த தடவை வாகனத்துக்கு எவ்வளவு என்று இன்னொரு வரி. இந்தக் கடைசி வரியைப் போடத்தான் எல்லோருக்கும் மனம் வராது. ஃபெயிலைப் பற்றி விளம்பரத்தில் யார் கதைப்பார்கள்? ஆனால் வருகிறவர்களின் தாய் தகப்பன் முதலில் கேட்பது அதைத்தான்.

விலை போட்ட பிறகு கோல் குறைந்தது. சேருகிறவர்கள் குறையவில்லை. இரண்டாவது நிரலில் "எந்த நாளில் வகுப்பு?", "ஒட்டுசுட்டானில் இருந்து ஏற்றுவீங்களோ?" மாதிரியான கேள்விகள் வரத் தொடங்கின. அவை சேர நினைக்கிறவர் கேட்கும் கேள்விகள்.

கோல் பட்டனைப் பற்றியும் ஒரு முறைப்பாடு. முதல் சில நாள் பட்டனை அழுத்தினால் சிலருக்குக் கோல் போகவே இல்லை. பார்த்தால் நாட்டுக் குறியீட்டுக்குப் பின்னால் பூச்சியத்தையும் சேர்த்தே பெடியன் எழுதியிருந்தார். 077 என்று தொடங்கும் நம்பரை +94077 என்று எழுதக் கூடாது. இப்படி இருக்க வேண்டும்:

```html
<a href="tel:+9477XXXXXXX">கோல் எடுக்க அழுத்துங்கள்</a>
```

பேஜ் வந்ததும் உங்கள் போனில் மட்டும் அழுத்திப் பார்க்காமல், வேறு கம்பனி சிம் உள்ள இரண்டு மூன்று போனிலாவது அழுத்திப் பாருங்கள். நம்பரைப் படத்துக்குள் எழுதி வைத்தாலும் அழுத்த முடியாது, சிக்னல் குறைந்த இடத்தில் படம் திறக்கவும் நேரம் எடுக்கும்.

நான் எதிர்பார்க்காத சந்தோசம் அந்தப் பட்டனுக்குக் கீழே உள்ள வரியில்தான் வந்தது. முதலில் அங்கே "இப்பவே அழையுங்கள்!" என்று ஆச்சரியக்குறியோடு இருந்தது. காலை முழுக்க நான் றோட்டில் பழக்கிக்கொண்டிருப்பேன், இப்பவே அழைத்தால் யார் எடுப்பது? எடுக்காவிட்டால் அவர் அடுத்த லேர்னர்ஸுக்கு எடுத்துவிடுவார். அதனால் அதை வெட்டிவிட்டு, உண்மையைப் போடச் சொன்னேன்: "பகலில் வகுப்பு நடக்கும். மிஸ்ட் கோல் விடுங்கள், மதியம் திருப்பி எடுப்போம். பின்னேரம் 6 மணியில் இருந்து 8 மணி வரை எடுப்பவர் ஒரு அக்கா." அந்த அக்கா என் மனைவி. ஸ்கூட்டி பழக்குவதும் அவர்தான்.

அந்த வரிக்குப் பிறகு பெண்களின் கோல் வரத் தொடங்கியது. அதுவும் ஆறு மணி அடித்ததும் வரும். டீச்சர்மார், மருத்துவமனையில் வேலை செய்பவர்கள், தனியாகக் குடும்பம் நடத்துகிற தாய்மார். பெண் பயிற்றுவிப்பாளர் இருக்கிறார் என்று பேஜின் நடுவில் முதலே எழுதித்தான் இருந்தது, அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. போனை எடுப்பதே ஒரு பெண் என்று தெரிந்ததும்தான் எடுத்தார்கள். பெடியனே இதை நினைக்கவில்லை. இப்போது தன் மற்ற வாடிக்கையாளர்களுக்கும் இதையே செய்து கொடுக்கிறாராம், எனக்கு ஒரு சதமும் கழிக்கவில்லை.

சரி, நண்பருக்கு என்ன பதில்? பேஜ் வேலை செய்கிறது. போர்ட்டை விட, நோட்டீஸை விட, மைக் கட்டிய ஓட்டோவை விட வேலை செய்கிறது. ஆனால் உங்களுக்கு வேண்டாம். உங்களிடம் இருப்பது ஒரு வாகனம், நீங்கள் ஒருவர்தான் பழக்குகிறீர்கள், வீட்டில் போன் எடுக்க ஆள் இல்லை. பழக வந்த பிள்ளையைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, ஸ்டியரிங் ஒரு பக்கம், போன் ஒரு பக்கம் என்று ஓடப் போகிறீர்களா? எடுக்காத கோலுக்கு விளம்பரக் காசு கட்டுவதை விட முல்லைத்தீவு றோட்டில் ஒரு நல்ல போர்ட் நட்டுவிடலாம்.

இரவு பத்து மணிக்கு "விலை கொஞ்சம் குறைப்பீங்களோ?" என்று இப்போது ஒருவர் கேட்டதால் இப்படி எழுதுகிறேன் என்று மனைவி சொல்கிறார். இருக்கலாம். விலை பேஜில் போட்டிருக்கிறது, நேரமும் போட்டிருக்கிறது. வாசிக்காமல் பட்டனை அழுத்துகிற மனிசரை எந்த வசனத்தால் மறிப்பது என்று அந்தப் பெடியனிடம் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.