ஐந்து வருடம் உழைத்த லூப் காலிபரேட்டர்: பாராட்டும் புலம்பலும்

ரிப்பேருக்குப் போயிருந்த என் லூப் காலிபரேட்டர் நேற்றுதான் திரும்பி வந்தது. அழுத்தம், ஃப்ளோ போன்றவற்றை அளந்து 4 முதல் 20 மில்லி ஆம்ப் கரண்ட்டாக அனுப்புவது டிரான்ஸ்மிட்டர், அந்தக் கரண்ட் ஓடும் சுற்றுதான் லூப், அதில் கரண்ட்டைக் கொடுக்கவும் அளக்கவும் உதவும் கைக்கருவி இது. சிவப்பு லீட் சொருகும் இடம் ஆடிப்போய், 12 மில்லி ஆம்ப் கொடுத்தால் திரையில் மதிப்பு குதித்துக்கொண்டிருந்தது. ஐந்து வருடம் தூசியிலும் மழையிலும் அலைந்த கருவிக்கு இந்த ஒரு ரிப்பேர் பெரிய விஷயமில்லை. கமிஷனிங் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நண்பர் ஒருவர், "அண்ணா, இதையே வாங்கலாமா?" என்று கேட்டார். அவருக்குச் சொல்ல ஆரம்பித்தது நீண்டுவிட்டதால் எழுதியே வைக்கிறேன்.

முதலில் பிடித்ததைச் சொல்லிவிடுகிறேன். டிரான்ஸ்மிட்டரில் இரண்டு வயரையும் கழற்றி, அவற்றில் காலிபரேட்டரை மாட்டி SIM மோடில் வைத்தால், கன்ட்ரோல் பக்கத்து இன்புட் கார்டு தரும் 24 வோல்ட்டை வாங்கிக்கொண்டு, நாம் சொல்கிற கரண்ட்டை மட்டும் ஓட விடும். டிரான்ஸ்மிட்டர் செய்வதும் அதைத்தானே. ஸ்டெப் பட்டனை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் 4, 8, 12, 16, 20 மில்லி ஆம்ப் என்று, அதாவது பூஜ்யத்திலிருந்து நூறு சதவீதம் வரை கால் கால் பங்காக ஏறி, அதே வழியில் இறங்கும். ஒரு கை ஏணியைப் பிடித்திருக்கும்போது இன்னொரு கையின் கட்டைவிரல் மட்டும் போதும். பேனலில் இருப்பவர் வாக்கி டாக்கியில் "ஐம்பது வந்துடுச்சு, அடுத்தது" என்பார், நான் அழுத்துவேன். இந்த ஒரு பட்டனுக்காகவே ஐந்து வருடமாக வேறு கருவியைத் தேடவில்லை.

அப்புறம் அந்த எரிச்சல். அரை மணி நேரம் எந்தப் பட்டனையும் தொடாவிட்டால் இது தானாக அணைந்துவிடும். பேட்டரியை மிச்சப்படுத்தவாம். பவர் போடும்போது இன்னொரு பட்டனையும் சேர்த்து அமுக்கினால் இந்த வசதியை நிறுத்தலாம்தான். ஆனால் அணைத்துப் போட்டால் அது மறந்துவிடும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். மறுபடி போடும்போது எந்த மோடில் விட்டோமோ அதில் வராமல், MEASURE மோடில் வந்து நிற்கிறதே, அதைத்தான் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

ஒரு நாள் ஒரு லூப்பில் அலாரம் பார்ப்பதற்காக 20 மில்லி ஆம்பில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். பேனலில் யாரோ வந்து பேச்சுக் கொடுத்ததில் நேரம் போய்விட்டது. கருவி அணைந்தது, கரண்ட் பூஜ்யமானது, பேனல் திரையில் BAD என்று வந்தது. அவசரமாக பவர் பட்டனை அமுக்கினேன். லீட் இரண்டும் கழற்றிய வயர்களிலேயே இருந்தன. MEASURE மோடில் கருவி கிட்டத்தட்ட வெறும் கம்பித் துண்டு மாதிரிதான், கரண்ட்டைத் தடுக்க அதற்குள் ஒன்றும் இல்லை. 24 வோல்ட்டுக்கும் தரைக்கும் நடுவே மிஞ்சியது கார்டு பக்கத்து 250 ஓம் மட்டும். கணக்குப் போட்டால் 96 மில்லி ஆம்ப். வயர்கள் கார்டுக்குப் பிரியும் மார்ஷலிங் கேபினட்டில் இருந்தது 32 மில்லி ஆம்ப் ஃபியூஸ். போய்விட்டது.

எனக்கு அது தெரியாது. SIM போட்டேன், 12 வைத்தேன், திரையில் இன்னும் BAD. ஜங்ஷன் பாக்ஸில் டெர்மினலைப் பார்த்து, ஃபெருல் நம்பரைப் பார்த்து, கேபிளைச் சந்தேகப்பட்டு, முக்கால் மணி நேரம் வீண். கடைசியில் கழற்றிய வயர்களின் குறுக்கே மல்ட்டிமீட்டரை வைத்தபோது 24 வோல்ட்டே இல்லை. முதலிலேயே அதைப் பார்த்திருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். லீட்டைக் கழற்றாமல் பவர் போட்டதும் என் தப்புதான். ஆனால் மனிதன் எங்கே தப்புப் பண்ணுவான் என்று யோசித்துக் கருவி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இதைச் செய்தவர்கள் ஏணி ஏறியதில்லை என்று நினைக்கிறேன்.

இன்னொரு சம்பவத்தில் இதன் மேல் அநியாயமாகப் பழி விழுந்தது. ஒரு ஃப்ளோ லூப். டிரான்ஸ்மிட்டர் டிபி வகை, அதாவது அழுத்த வித்தியாசத்தை அளப்பது, ரேஞ்ச் 0 முதல் 2500 மில்லிமீட்டர் வாட்டர் காலம், திரையில் மணிக்கு 0 முதல் 400 கன மீட்டர். ஃப்ளோ அந்த வித்தியாசத்தின் ஸ்கொயர் ரூட்டைப் பொறுத்தே மாறும். அந்த ஸ்கொயர் ரூட் எடுப்பது கன்ட்ரோல் கம்ப்யூட்டரான டிசிஎஸ் என்று டேட்டா ஷீட்டில் இருந்தது. ஐந்து புள்ளிகளையும் கொடுத்தேன். 8 மில்லி ஆம்புக்கு 200, 12க்கு 282.8, 16க்கு 346.4. இரண்டு முனையும் சரி. படிவத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம்.

ஸ்டார்ட்அப்பில் பம்ப் ஓடியபோது திரை 200 காட்டியது. ஆனால் தண்ணீர் போய்ச் சேரும் டேங்கின் அடிப்பரப்பு 50 சதுர மீட்டர், மட்டமோ ஒரு மணி நேரத்தில் 2 மீட்டர்தான் ஏறியது. அதாவது 100 கன மீட்டர். "உங்க காலிபரேட்டர் தப்பா காட்டியிருக்கு சார்" என்றார் ஆபரேட்டர்.

நான் டிரான்ஸ்மிட்டரின் வால்வு மேனிஃபோல்டில் லைனை அடைத்து, அழுத்தத்தை வெளியேற்றி, லோ பக்கத்தைக் காற்றுக்குத் திறந்துவிட்டு, ஹை பக்கத்தில் ஹேண்ட் பம்பால் 625 மில்லிமீட்டர் கொடுத்தேன். அது ரேஞ்சில் கால் பங்கு. டிரான்ஸ்மிட்டர் 8 மில்லி ஆம்ப் தர வேண்டும், திரையில் 200 வர வேண்டும். லூப்பில் தொடராக மாட்டிய இதே காலிபரேட்டர் 12 காட்டியது, திரை 282.8 என்றது. டிரான்ஸ்மிட்டரும் ஒரு முறை ஸ்கொயர் ரூட் எடுக்கிறது, டிசிஎஸ் அதை மறுபடி எடுக்கிறது. இப்படி இரட்டையாகும்போது பூஜ்யமும் நூறு சதவீதமும் சரியாகவே வரும், நடுவில்தான் பொய். ஃப்ளோ குறையக் குறைய, நிஜத்தோடு ஒப்பிட்டால் பொய் பெரிதாகும். அதனால்தான் நிஜ 100 திரையில் 200 ஆகத் தெரிந்தது. டிரான்ஸ்மிட்டரின் செட்டிங்கை மாற்றும் கருவியான ஹார்ட் கம்யூனிகேட்டரில் அதை லீனியராக மாற்றினேன், ஹேண்ட் பம்பைத் தொடாமலே திரை 282.8லிருந்து 200க்கு இறங்கியது.

என் காலிபரேட்டர் இதைப் பிடித்திருக்கவே முடியாது. நான் மாட்டியது டிரான்ஸ்மிட்டரின் இடத்தில். டிரான்ஸ்மிட்டர் அந்தச் சோதனையில் இல்லவே இல்லை. வயர், ஃபியூஸ், கார்டு, திரை அளவு, அலாரம் வரை அது சாட்சி சொல்லும். கம்யூனிகேட்டரின் லூப் டெஸ்ட்டும் இந்த விஷயத்தில் உதவாது. அது டிரான்ஸ்மிட்டரின் அவுட்புட்டையே 12 மில்லி ஆம்பில் பிடித்து வைக்கும், அழுத்தத்தைக் கரண்ட்டாக மாற்றும் கணக்கைத் தாண்டிப் போய்விடும். அந்த டிரான்ஸ்மிட்டர்தான் அந்த டேக் நம்பரில் இருக்கிறதா என்று பார்க்க நல்லது. ரேஞ்ச், ஸ்கொயர் ரூட் இரண்டையும் பார்க்க அழுத்தமே கொடுக்க வேண்டும், அதுவும் நடுப்புள்ளியில்.

ஆக, துல்லியம் அருமை, ஸ்டெப் பட்டன் அருமை, உழைப்பும் அருமை. நண்பரிடம் வாங்காதே என்றுதான் சொன்னேன். மோடை மாற்றத் திருகு ஸ்விட்ச் உள்ளதாகப் பார்த்து வாங்கட்டும், அணைந்து எழுந்தாலும் ஸ்விட்ச் விட்ட இடத்தில்தான் இருக்கும். இல்லையென்றால் முதலில் ஒரு நல்ல ஹேண்ட் பம்ப் வாங்கட்டும். என்னுடையதன் பவர் பட்டனுக்கு மேலே "லீட்டைக் கழற்று" என்று எழுதி டேப் ஒட்டியிருந்தேன். ரிப்பேர்க்காரர் சுத்தம் பண்ணுகிறேன் என்று அதைப் பிய்த்துவிட்டார். இன்று காலை புதிது ஒட்டிவிட்டேன்.