அடைப்பா, வகுத்தலா? செயல் வரிசையைச் சொல்லும் மூன்று பாட்டுகள்

48 ÷ (2 + 4) × 2 என்ற கணக்கின் விடை 16. செயல்களின் வரிசையைப் புதிதாகப் படிக்கும் மாணவர்கள் இதற்கு 32, 72, 4 என்ற தவறான விடைகளில் ஒன்றை எழுதுவதுண்டு. மூன்றும் அடைப்புக்குறிக்கும் வகுத்தலுக்கும் இடையில் ஏற்படும் குழப்பத்திலிருந்தே வருகின்றன என்றாலும், ஒவ்வொன்றிலும் குழப்பம் வேறு இடத்தில் இருக்கிறது. ஆகவே செயல் வரிசையை மனப்பாடம் செய்வதற்காக எழுதப்படும் எந்தப் பாட்டையும், அது காதுக்கு இனிமையாக இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், இந்த மூன்று தவறுகளில் எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்கத் தவறுகிறது, எதைத் தானே உண்டாக்கிவிடுகிறது என்று சோதித்துப் பார்ப்பதே முறை.

பள்ளிகளில் பரவலாக வழங்கும் போட்மாஸ், பிட்மாஸ் ஆகிய சுருக்கச் சொற்களை இங்கே நான் போட்டியில் சேர்க்கவில்லை. ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து உருவான அச்சொற்கள், தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்கு ‘ப’ என்றால் பெருக்கல் என்ற எண்ணத்தையே முதலில் தருகின்றன. அடைப்புக்குறி நினைவுக்கு வருவதில்லை. தமிழ்ச் சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்தாலும் அடைப்பு, அடுக்கு இரண்டும் ‘அ’ என்றே தொடங்குவதால் பயன் குறைவு. எனவே முழுச் சொற்களால் ஆன பாட்டுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, ஆறு செயல்களையும் ஒரே வரிசையில் அடுக்கும் பாட்டு:

அடைப்பை முதலில் அவிழ்த்திடு,
அடுக்கை அடுத்துக் கணித்திடு,
வகுத்துப் பின்னர் பெருக்கிடு,
கூட்டிப் பின்னர் கழித்திடு.

நான்கே அடிகள், ஒவ்வோர் அடியும் ஒரே ஓசையில் முடிகிறது. ஒரு வகுப்பு நேரத்துக்குள் பிள்ளைகள் பார்க்காமல் சொல்லிவிடுவார்கள். ஆனால் இதன் மூன்றாம் அடியும் நான்காம் அடியும் ஒரே அச்சில் வார்த்தவை போலத் தோன்றினாலும், கணக்கில் அவை தரும் விளைவு வேறுவேறு. எல்லா வகுத்தலையும் முடித்துவிட்டுப் பெருக்கினால் விடை தவறுவதில்லை. 24 ÷ 4 × 6 ÷ 3 என்பதை இடமிருந்து வலமாகச் செய்தால் 6, 36, 12 என்று போகும். வகுத்தல்கள் இரண்டையும் முதலில் முடித்தால் 6 × 2 என்றாகி அதே 12 கிடைக்கும். மாறாக, எல்லாக் கூட்டலையும் முடித்துவிட்டுக் கழித்தால் விடை தவறிவிடும். 10 − 3 + 2 என்பதன் விடை 9; பாட்டின் நான்காம் அடியைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றும் பிள்ளை 3 + 2 = 5 என்று முதலில் கூட்டி, 10 − 5 = 5 என்று எழுதும். சொன்னபடி செய்த பிள்ளைக்குத் தவறான விடை கிடைப்பது பாட்டின் குற்றம், பிள்ளையின் குற்றம் அல்ல.

கடைசி அடியைக் ‘கழித்துப் பின்னர் கூட்டிடு’ என்று திருப்பிப் போட்டால் இந்தக் குறை நீங்கும். ஆனாலும் 2 + 3 − 5 போன்ற கணக்கில் 3 − 5 என்று தொடங்க வேண்டியிருப்பதால், குறை எண்களை இன்னும் படிக்காத வகுப்பில் பிள்ளை திகைத்து நிற்கும். அதுபோலவே 8 × 3 ÷ 4 என்பதில் வகுத்தலே முதல் என்று பிடிவாதமாக 3 ÷ 4 இல் தொடங்கும் பிள்ளைக்கு விடை சரியாக வந்தாலும் பின்னத்தின் வழியே சுற்றிவர வேண்டியிருக்கும்.

நம் தலைப்புக்கு நேராக உரியது இதன் முதல் அடி. ‘அடைப்பை அவிழ்த்திடு’ என்பதை மனத்தில் கொண்ட பிள்ளையின் ஏட்டைப் பாருங்கள். முதல் வரியில் 48 ÷ (2 + 4) × 2 என்று எழுதியிருக்கும். அடுத்த வரியில் 48 ÷ (6) × 2 என்று சரியாகவே எழுதியிருக்கும். ஆனால் அடைப்புக்குறி இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது. அவிழ்க்க வேண்டியது மீதி இருக்கிறது என்று பாட்டு சொல்கிறது. எனவே பிள்ளை (6) × 2 = 12 என்று பக்கத்தில் உள்ள எண்ணால் பெருக்கி அடைப்பை நீக்கிவிட்டு, 48 ÷ 12 = 4 என்று முடிக்கும். மேலே சொன்ன மூன்று தவறுகளில் 4 என்ற விடையை இந்தப் பாட்டே வரவழைத்துவிடுகிறது.

இரண்டாவது, செயல்களைப் படிகளாகப் பிரிக்கும் பாட்டு:

அடைப்புள் உள்ளதை முதலில் முடி,
அடுக்கு வந்தால் அடுத்தே பிடி,
பெருக்கல் வகுத்தல் ஒன்றே படி,
கூட்டல் கழித்தல் கடைசிப் படி,
ஒருபடிக் குறிகளை வரிசைப்படி
இடமிருந் தெடுத்து வலத்தில் முடி.

இது நீளமானது, மெதுவாகப் பிடிபடும் பிள்ளைகளுக்கு ஐந்தாம் அடியும் ஆறாம் அடியும் முதலில் விட்டுப்போகும். அந்த இரண்டு அடிகளும் போய்விட்டால் பாட்டின் பாதிப் பயன் போய்விடும், ஏனெனில் ஒரே படியில் நிற்கும் இரண்டு குறிகளில் எதை முதலில் எடுப்பது என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது. ஆனால் இதை முழுவதும் சொல்லக்கூடிய பிள்ளை 10 − 3 + 2 இல் வழுக்குவதில்லை; 24 ÷ 4 × 2 இல், பெருக்கலின் பெயர் பாட்டில் முந்தி வருகிறதே என்று 24 ÷ 8 = 3 என்று எழுதாமல், 12 என்ற சரியான விடைக்கே வரும்.

அடைப்பைப் பற்றியும் இந்தப் பாட்டு நுட்பமாகப் பேசுகிறது. ‘அடைப்பை’ என்று சொல்லாமல் ‘அடைப்புள் உள்ளதை’ என்று சொல்வதால், முடிக்க வேண்டியது உள்ளே இருக்கும் கணக்கு மட்டுமே என்பது தெளிவாகிறது. 32 என்ற விடை, அடைப்பையே கவனிக்காமல் 48 ÷ 2 + 4 × 2 என்று படித்து 24 + 8 என்று கூட்டுவதால் வருவது. அதை இந்த முதல் அடி தடுக்கும். 4 என்ற விடையையும் ஓரளவு தடுக்கும். ஆனால் உள்ளே உள்ளதை முடித்த பிறகு அந்த இரண்டு வளைவுகளை என்ன செய்வது என்று இது சொல்வதில்லை.

72 என்ற விடையையும் இது முழுமையாகத் தடுப்பதில்லை. அந்த விடையை எழுதும் பிள்ளை அடைப்பைப் பார்க்காமல் விட்டதல்ல. 5 × (2 + 4) என்பதை 5 × 2 + 5 × 4 என்று பிரிக்கலாம் என்று படித்ததை வகுத்தலுக்கும் நீட்டியிருக்கிறது. 48 ÷ 2 = 24, 48 ÷ 4 = 12, இரண்டும் சேர்ந்து 36, அதை 2 ஆல் பெருக்க 72. வகுபடும் எண் அடைப்புக்குள் இருந்தால் இந்தப் பிரிப்பு செல்லும்: (48 + 12) ÷ 6 என்பது 8 + 2 = 10. வகுக்கும் எண் அடைப்புக்குள் இருந்தால் செல்லாது.

மூன்றாவது, செயல் வரிசை முழுவதையும் சொல்ல முயலாமல், குழப்பம் நேரும் அந்த ஒரே இடத்துக்காக எழுதிய பாட்டு:

உள்ளே குறியொன்று உள்ளவரை
உள்ளதை முடிப்பதே முதல்வேலை;
ஒற்றை எண்ணாய் ஆனபின்னே
ஒட்டிய அடைப்பு பெருக்கல்தானே.

முதல் இரண்டு அடிகள் 72 என்ற விடைக்குப் போகும் வழியை அடைக்கின்றன: உள்ளே கூட்டல் குறி இருக்கும்வரை வெளியே இருக்கும் 48 ஐ உள்ளே கொண்டுபோக இடமில்லை. அடுத்த இரண்டு அடிகள் 4 என்ற விடைக்கானவை. உள்ளே 6 மட்டும் நின்றவுடன் அடைப்புக்குத் தனி முன்னுரிமை எதுவும் இல்லை. அதற்கு முன்னால் குறி எதுவும் இல்லாமல் ஓர் எண் ஒட்டி நின்றால் அது பெருக்கல் குறியாகும், மற்றபடி வளைவுகளை எடுத்துவிட்டு 48 ÷ 6 × 2 என்று எழுதிக்கொள்ளலாம். ஆனால் 8 − (−3) போன்ற கணக்குகள் வரும் வகுப்பில், உள்ளே இருக்கும் குறி கழித்தலைக் குறிப்பதா, எண்ணின் தன்மையைக் குறிப்பதா என்ற புதிய ஐயம் எழும் என்பதால், ‘இரண்டு எண்களுக்கு நடுவே நிற்கும் குறி’ என்று ஆசிரியர் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும்.

நான்காம் அடியில் ஒரு வம்பும் இருக்கிறது. 8 ÷ 2(2 + 2) என்ற கணக்கு 2019 இல் சமூக ஊடகங்களில் பெரும் வாதத்தைக் கிளப்பியது. சிலர் 16 என்றார்கள், சிலர் 1 என்றார்கள். மூன்றாம் பாட்டின்படி ஒட்டிய அடைப்பு சாதாரணப் பெருக்கலே என்று கொண்டால், 8 ÷ 2 × 4 = 16. ஒட்டி எழுதிய பெருக்கலுக்கு வகுத்தலைவிட முன்னுரிமை உண்டு என்று கொள்ளும் வழக்கமும் உண்டு. அறிவியல் கணிப்பான்களிலேயே சில ஒரு விதமாகவும் சில மறு விதமாகவும் கணிக்கின்றன. இப்படிப்பட்ட கணக்கை எந்தப் பாட்டாலும் தீர்க்க முடியாது. தொடக்க வகுப்புகளில் வகுத்தல் குறிக்குப் பின்னால் பெருக்கல் குறியை மறைத்து எழுதாமல் இருப்பதே நேர்மையான வழி.

ஆகவே வகுப்பு முழுவதற்கும் ஒரே பாட்டு என்றால் இரண்டாவதையே நான் தேர்ந்தெடுப்பேன். முதலாவதன் எளிமை கவர்ச்சியானது. ஆனால் 10 − 3 + 2 இல் பிழையைக் கற்றுக்கொடுக்கும் பாட்டை, மனத்தில் நிற்கிறது என்பதற்காக மட்டும் ஏற்க முடியாது. மூன்றாவதை எல்லோருக்கும் கொடுக்கத் தேவையில்லை. யாருக்குக் கொடுப்பது என்று அறிய, 4 என்று எழுதிய பிள்ளையிடம் அடைப்பே இல்லாத 48 ÷ 6 × 2 என்பதைத் தனியாகக் கொடுத்துப் பாருங்கள். அதற்கு 16 என்று எழுதினால், அடைப்பின் வளைவுகளே அந்தப் பிள்ளையைக் குழப்பியிருக்கின்றன. மூன்றாம் பாட்டு அதற்குரியது. அதற்கும் 4 என்றே எழுதினால், பெருக்கலை வகுத்தலுக்கு மேலே வைத்திருக்கிறது என்று பொருள். இரண்டாம் பாட்டின் கடைசி இரண்டு அடிகளை மீண்டும் சொல்லிக்கொடுக்க வேண்டும். 72 என்று எழுதியவருக்கு மூன்றாம் பாட்டின் முன்பாதி போதும்.

மூன்று பாட்டுகளும் தொடாத இடம் ஒன்று உண்டு. மேலே 30 + 6, கீழே 4 + 2, நடுவே ஒரு கோடு என்று பின்னமாக எழுதிய கணக்கில் அடைப்புக்குறி எங்கும் இல்லை. ஆனால் அந்தக் கோடு வகுத்தலாகவும் இருக்கிறது, மேலும் கீழும் அடைப்பாகவும் இருக்கிறது. அதன் விடை 36 ÷ 6 = 6. இதை ஒரே வரியில் 30 + 6 ÷ 4 + 2 என்று இறக்கி எழுதும் பிள்ளை, எந்தப் பாட்டையும் பிழையில்லாமல் பின்பற்றி, 30 + 1.5 + 2 = 33.5 என்று முடிக்கும். கோட்டுப் பின்னத்தை வரியில் எழுதும்போது (30 + 6) ÷ (4 + 2) என்று இரண்டு அடைப்புகளையும் முதலில் போட்டுவிட்டு, அதன் பிறகே பாட்டைத் தொடங்கச் சொல்ல வேண்டும்.