கூந்தன்குளத்துக் கொக்கும் ஹிஸ்டோகிராமின் வலது ஓரமும்

வெயிலில் நிற்கும் வெள்ளைக் கொக்கை எடுத்தால் இறகு இறகாகத் தெரிய வேண்டும். பெரும்பாலான படங்களில் அது கத்தரித்து ஒட்டிய வெள்ளைக் காகிதம் மாதிரி இருக்கும். நிக்கான் D750 கேமராவைப் பல வருஷமாக வைத்திருக்கிறேன். அதிகம் வேலை வாங்கியது நாங்குநேரிப் பக்கம் உள்ள கூந்தன்குளத்தில். 1994-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட குளம். கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, வெண்கொக்கு என்று வெள்ளை உடம்புக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வரும் இடம். பின்னணியிலோ கருவேல மர நிழல் விழுந்த கரும்பச்சைத் தண்ணீர். கேமரா மீட்டரைச் சோதிக்க இதைவிடப் பொல்லாத இடம் இந்தப் பக்கத்தில் எனக்குத் தெரிந்து இல்லை.

ஒரு படத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். காலை ஒன்பது மணி தாண்டிய நேரம், மேகம் இல்லை, சூரியன் என் முதுகுப் பக்கம். ஐஎஸ்ஓ 200, f/8. கொக்கு சட்டத்தில் மிகச் சிறிய இடத்தைத்தான் அடைத்திருக்கிறது, மீதியெல்லாம் இருண்ட தண்ணீர். சட்டம் முழுவதையும் அளக்கும் மேட்ரிக்ஸ் மீட்டரிங் ஷட்டர் வேகம் 1/400 என்கிறது. அதன் கணக்கில் தவறில்லை. சட்டம் முழுக்க இருட்டு, அதனால் வெளிச்சத்தைக் கூட்டுகிறது. ஆனால் கொக்கின் மேல் விழுவது முழு வெயில். முழு வெயிலுக்கான பழைய ஃபிலிம் காலத்துக் கணக்கு f/16-க்கு ஐஎஸ்ஓவின் தலைகீழ் எண். அதன்படி f/8-க்கு 1/800 வருகிறது. வெள்ளைப் பொருள் என்பதால் இன்னும் கொஞ்சம் குறைத்து 1/1000 வைக்கலாம். வெளிச்சம் இரட்டிப்பானால் ஒரு ஸ்டாப் என்று கணக்கு, அதாவது மேட்ரிக்ஸ் சொன்னது ஒன்றே கால் ஸ்டாப்புக்கு மேல் அதிகம். முதுகு இறகுகள் காணாமல் போக அவ்வளவு போதும்.

1/400-இல் எடுத்த படத்தின் ஹிஸ்டோகிராமைப் பார்த்தால் இது எளிதில் கண்ணில் படாது. அந்த வரைபடத்தில் இடமிருந்து வலம் என்பது இருட்டிலிருந்து வெளிச்சம். உயரம் என்பது அந்த அளவு வெளிச்சத்தில் எத்தனை பிக்சல் இருக்கிறது என்ற எண்ணிக்கை. தண்ணீர் முழுச் சட்டத்தையும் அடைத்திருப்பதால் நடுவுக்கு இடப்பக்கம் பெரிய மேடு எழும்பி நிற்கும். கொக்கு சிறியது, ஆகவே வலது ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு, அவ்வளவுதான். வெயிலில் அந்தத் திரையில் அது தெரியவே தெரியாது. மேடு மட்டும் தெரியும். அதைப் பார்த்து “படம் இருட்டு, இன்னும் கூட்டுவோம்” என்று கூட்டுபவர்களைக் குளக்கரையில் நிறையப் பார்த்திருக்கிறேன். மேடு நடுவில் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இந்தக் காட்சிக்கு அது இடப்பக்கம் இருப்பதுதான் நியாயம். பார்க்க வேண்டியது வலது ஓரத்தைத்தான்.

அந்த மயிரிழையைப் பார்க்க இந்தக் கேமராவில் ஒரு வசதி உண்டு. Playback display options பட்டியலில் RGB histogram, Highlights இரண்டையும் டிக் செய்து வைத்தால், படம் பார்க்கும்போது மூன்று நிறத்துக்கும் தனித்தனி வரைபடம் வரும். அந்தத் திரையிலேயே பெரிதாக்கும் பட்டனை அழுத்திக் கொக்கின் முதுகுக்குப் போனால், வரைபடம் திரையில் தெரியும் பகுதிக்கு மட்டும் மாறிவிடும். தண்ணீர் கணக்கிலிருந்து கழன்றுகொள்ளும். அப்போது கொக்கின் மேடு வலது ஓரத்தில் மோதி நிமிர்ந்து நிற்கிறதா, கொஞ்சம் இடைவெளி விட்டு இறங்கிவிடுகிறதா என்பது தெளிவாகிவிடும். 1/400 படத்தில் மோதி நின்றது, 1/1000 படத்தில் இறங்கிவிட்டது. இந்த ஒரு வசதிக்காகவே நான் இன்னும் கேமராவை மாற்றவில்லை என்றுகூடச் சொல்லலாம்.

இந்த வரைபடம் ரா கோப்பிலிருந்து வருவதில்லை, கேமரா உள்ளே உருவாக்கும் ஜேபெக் படத்திலிருந்து வருகிறது. பிக்சர் கண்ட்ரோலில் விவிட் வைத்திருந்தால் வலது ஓரம் சீக்கிரம் முட்டும், ஃப்ளாட் வைத்தால் கொஞ்சம் தள்ளி முட்டும். நான் ராவில் எடுப்பதால் ஃப்ளாட்டிலேயே விட்டுவைக்கிறேன். திரையில் படம் சோகையாகத்தான் தெரியும், வரைபடம் மட்டும் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கும்.

சரி, மேட்ரிக்ஸை நம்ப முடியாது என்றால் எதை வைப்பது? ஸ்பாட் மீட்டரிங் சட்டத்தில் சுமார் 1.5 சதவீத வட்டத்தை மட்டும் அளக்கும். நிக்கானில் அந்த வட்டம் ஃபோகஸ் புள்ளியோடு நகரும். எல்லாக் கம்பெனிக் கேமராவிலும் அப்படி இல்லை, பலவற்றில் அது நடுவிலேயே நிற்கும், ஆகவே உங்களுடையதில் பார்த்துக்கொள்ளுங்கள். கொக்கின் முதுகில் வைத்தால் 1/4000 என்று சொல்லும், வெள்ளையைச் சாம்பல் நிறமாக்கப் பார்ப்பதால். அதற்கு மேல் இரண்டு ஸ்டாப் கூட்டினால் 1/1000-க்கு வந்து நிற்கும். கணக்கு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் கொக்கு தூரத்தில் நின்று வட்டத்தைவிடச் சிறிதாக இருந்தால் தண்ணீரும் அளவுக்குள் வந்துவிடும். அதோடு இரண்டு ஸ்டாப்பும் கூட்டினால் கதை கந்தல்.

D750-இல் ஹைலைட் வெயிட்டட் என்று இன்னொரு முறை உண்டு. 2014-இல் D810-உடன் நிக்கான் கொண்டுவந்தது. சட்டத்தில் மிகப் பிரகாசமான இடம் எதுவோ, அது வெளுக்காதபடி அளக்கும். ஆரம்பத்தில் இதைத்தான் மந்திரக்கோல் என்று நினைத்தேன். கொக்குக்குப் பெரும்பாலும் சரியாகவே தருகிறது. காற்று அடித்துத் தண்ணீரில் வெயில் மின்ன ஆரம்பித்தால் மட்டும் அந்த மினுக்கையும் காப்பாற்றப் பார்த்துப் படத்தை இருட்டில் தள்ளிவிடும். கூட வரும் தம்பி ஒருவன் ஒருமுறை என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, என்ன படம் இப்படி இருண்டு கெடக்கு, கொக்கா காக்காவா?” என்றான். தண்ணீர் மினுக்கு வெளுத்தால் வெளுக்கட்டும், அதில் பார்க்க எதுவுமில்லை. எது வெளுக்கலாம், எது கூடாது என்பது மீட்டருக்குத் தெரியாது.

ஆகவே மேகமில்லாத நாளில் ஸ்பாட்டில் ஒருமுறை அளந்து, பெரிதாக்கிய வரைபடத்தில் சரிபார்த்து, 1/1000-ஐ மேனுவலில் பூட்டிவிடுகிறேன். கொக்கு கருந்தண்ணீரிலிருந்து எழுந்து வானத்துக்குப் போனாலும் அதன் மேல் விழும் வெயில் மாறுவதில்லை, அளவும் மாற வேண்டியதில்லை. தண்ணீர் இருண்டுதான் பதிவாகும். ஐஎஸ்ஓ 200-இல் நிழலை ஒன்றரை ஸ்டாப் தூக்கினால் இந்தச் சென்சாரில் புள்ளி புள்ளியாக எதுவும் கிளம்புவதில்லை.

தேரிக்காட்டுக்குப் போனால் மட்டும் வேறொரு பொறி. சாத்தான்குளம், திருச்செந்தூர்ப் பக்கச் செம்மணல் மேடுகளில் சாயங்கால வெயில் விழும்போது, மூன்று நிறத்தையும் சேர்த்துக் காட்டும் ஒற்றை வெள்ளை வரைபடம் நிம்மதியாக இடைவெளி விட்டுத்தான் காட்டும். அந்த வரைபடத்தில் பச்சைக்குத்தான் பெரிய பங்கு, சிவப்பு சுமார் 30 சதவீதம்தான். ஆகவே சிவப்பு மட்டும் ஓரத்தில் முட்டினாலும் அது தலையாட்டாது. படத்தில் மணலின் அலை வரிகள் மறைந்து ஆரஞ்சுப் பூச்சாகிவிடும். தனி நிற வரைபடத்தில் சிவப்பைப் பார்த்துதான் குறைக்க வேண்டும். வொயிட் பேலன்ஸ் ‘ஷேட்’ என்று இருந்தால் கேமரா சிவப்பைக் கூட்டிக் காட்டும், அதனால் அங்கே வெயில் அமைப்பிலேயே வைத்துப் பார்க்கிறேன்.

ஜூன் மாதம் மேற்குமலைப் பக்கம் சாரல் தொடங்கிவிட்டால் மேனுவல் பூட்டு கூந்தன்குளத்திலும் செல்லாது. மேகம் நகர நகர வெயில் போய்ப் போய் வரும், ஒவ்வொரு தடவையும் இரண்டு ஸ்டாப் ஏறி இறங்கும். அந்த நாட்களில் அப்பர்ச்சர் பிரயாரிட்டியில் ஹைலைட் வெயிட்டட் வைத்து, தண்ணீர் மினுங்காத பக்கமாகப் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.