கனடாவுக்கு அப்பா அம்மா: வருகையாளர் விசா கடிதமும் சூப்பர் விசா கடிதமும்

கனடாவில் இருக்கும் நீங்கள் பெற்றோரை அழைக்கும்போது, வருகையாளர் விசா, சூப்பர் விசா இரண்டுக்கும் ஒரே அழைப்புக் கடிதத்தை அனுப்புவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. சாதாரண வருகையாளர் விசாவில் ஒரு முறை நுழைந்தால் பொதுவாக 6 மாதம் தங்கலாம், சூப்பர் விசாவில் 5 ஆண்டு வரை. அதனால் அதிகாரி தேடும் பதிலும் வேறு.

வருகையாளர் விசாவில் கேள்வி: இவர்கள் திரும்பிப் போவார்களா? கடிதம் தேதியோடு பேச வேண்டும். "சில மாதங்கள் தங்குவார்கள்" என்பது எதையும் சொல்லாது. "மே 10 முதல் செப்டம்பர் 25 வரை என் வீட்டில் தங்குவார்கள். விமானக் கட்டணம் அவர்களுடையது, தங்குமிடமும் உணவும் என் பொறுப்பு" என்று எழுதினால், அப்பாவின் வங்கிக் கணக்கோடும் விண்ணப்பத்தில் உள்ள தேதிகளோடும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். செலவெல்லாம் உங்களுடையது என்று எழுதிவிட்டு விண்ணப்பத்தில் "சொந்தச் செலவு" என்று நிரப்பினால் சந்தேகம் அங்கேயே தொடங்கும். பெற்றோரின் சொத்து, ஓய்வூதியம், ஊரில் உள்ள பிள்ளைகள் பற்றிய சான்றுகள் அவர்கள் பக்கத்திலிருந்து வர வேண்டும். உங்கள் கடிதம் அவற்றுக்கு ஈடாகாது.

சூப்பர் விசாவில் எடை உங்கள் பக்கம் சாய்கிறது. அழைப்பவர் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும். வேலை அனுமதியில் இருப்பவருக்கு இந்த வழி இல்லை. தங்கும் காலம் முழுவதும் பொருளாதார ஆதரவு தருவதாக உறுதி கூறிக் கையெழுத்திட வேண்டும், வீட்டில் உள்ளவர்களின் பட்டியலையும் எண்ணிக்கையையும் எழுத வேண்டும். பலர் தடுமாறும் இடம் இந்த எண்ணிக்கைதான். மகள், கணவர், ஒரு குழந்தை என்று 3 பேரோடு நிறுத்திவிடுகிறார்கள். வரப்போகும் அப்பா அம்மாவையும் சேர்த்தால் 5. அழைப்பவருக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்ச வருமானம் 5 பேருக்குரியதாகப் பார்க்கப்படும். முன்பு யாரையாவது ஸ்பான்சர் செய்து அந்தப் பொறுப்பு இன்னும் முடியவில்லை என்றால் அவர்களும் கணக்கில் வருவார்கள். மகளின் வருமானம் மட்டும் போதாவிட்டால் கணவரும் கையெழுத்திட்டு இருவர் வருமானத்தையும் காட்டலாம். குறைந்தது 1,00,000 கனடிய டாலர் மதிப்புள்ள மருத்துவக் காப்பீடும் மருத்துவப் பரிசோதனையும் இதில் கட்டாயம்.

இரண்டுக்கும் பொதுவானவை: இரு தரப்பின் முழுப் பெயர், பிறந்த தேதி, முகவரி, தொலைபேசி, உறவு, உங்கள் வேலை, உங்கள் குடியுரிமை நிலைக்கான சான்றின் நகல். பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கட்டும். நம் ஊரில் தந்தை பெயர் முன்னும் பின்னும் மாறுவதால் இங்குதான் குழப்பம்.

மின்னஞ்சலின் உடலில் கடிதத்தைத் தட்டச்சு செய்து அனுப்பாதீர்கள், அதில் கையெழுத்து இராது. அச்சிட்டு, கையெழுத்திட்டு, தேதியிட்டு, ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக இணையுங்கள். பெற்றோர் அந்தக் கோப்பைத்தான் விண்ணப்பத்தில் பதிவேற்றுவார்கள்.

6 மாதத்துக்குள் திரும்புவது உறுதியென்றால் காப்பீட்டுச் செலவு கட்டாயமில்லாத வருகையாளர் விசாவே போதும். பேரக்குழந்தையைப் பார்க்க ஓராண்டு இருக்கப்போகிறார்கள் என்றால் அதில் 6 மாதம் என்று எழுதி, வந்தபின் நீட்டிப்பதை நம்பவேண்டாம். சூப்பர் விசாவே நேர்மையான வழி.