கொழுப்புக் கல்லீரல்: மாவுச்சத்தைக் குறைப்பதா, கலோரியைக் குறைப்பதா, உடற்பயிற்சி மட்டும் போதுமா?

கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பதாக ஸ்கேன் அறிக்கையில் கண்டவர்கள் பெரும்பாலும் இந்த மூன்று வழிகளுக்கிடையேதான் தடுமாறுகிறார்கள்.

வேகத்தில் முந்துவது மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைக்கும் முறை. 2011-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், 18 பேர் இரு பிரிவாக இரண்டு வாரம் உணவைக் கட்டுப்படுத்தினார்கள். இரு பிரிவினருக்கும் எடை ஏறத்தாழ ஒரே அளவில், சுமார் 4 சதவீதம் குறைந்தது. ஆனால் கல்லீரல் கொழுப்பு, மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்கு 55 சதவீதமும் கலோரியை மட்டும் குறைத்தவர்களுக்கு 28 சதவீதமும் இறங்கியது. இன்சுலின் சுரப்பு தணியும்போது, கல்லீரல் சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றுவது குறைந்து, தேங்கிய கொழுப்பை எரிப்பது கூடுவதே இதற்குக் காரணம்.

இந்த முந்துதல் நெடுநாள் நிலைப்பதில்லை. 2009-இல் வெளியான மற்றோர் ஆய்வில், முதல் 48 மணி நேரத்தில் மாவுச்சத்தைக் குறைத்தவர்களே முன்னிலையில் இருந்தார்கள். இரு பிரிவினரும் 7 சதவீத எடையை இழந்தபோது, கல்லீரல் கொழுப்பு இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவில் குறைந்திருந்தது. ஆகவே, மாதக்கணக்கில் தொடர முடிகிற முறை எதுவோ அதையே தேர்ந்தெடுக்கலாம் என்பது என் கருத்து. ஆனால் இன்சுலினோ சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர்கள், மருத்துவரிடம் மருந்தின் அளவை மாற்றிக்கொள்ளாமல் மாவுச்சத்தைத் திடீரென நிறுத்தினால், சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடக்கூடும்.

உடற்பயிற்சி மட்டும் செய்தால், எடை குறையாவிட்டாலும் கல்லீரல் கொழுப்பு ஓரளவு குறைகிறது. எடையும் சேர்ந்து குறையும்போது கிடைக்கும் பலன் அதைவிடப் பெரிது.

80 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். 4 கிலோ குறைந்தால், அதாவது 5 சதவீதம், கொழுப்புப் படிவு தெளிவாகக் குறையத் தொடங்கும். அழற்சி தணிய 6 கிலோ அளவில் குறைய வேண்டியிருக்கும். நீண்ட கால அழற்சியால் கல்லீரலில் உருவான தழும்பு பின்வாங்கும் வாய்ப்பு 8 கிலோவை எட்டும்போதுதான் கூடுகிறது. வாரம் அரைக் கிலோ என்றால் முதல் 4 கிலோவுக்கு இரண்டு மாதம் ஆகும். அவசரப்பட்டு வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இறக்கினால் பித்தப்பைக் கல் உருவாகும் ஆபத்து கூடுவதோடு, கல்லீரல் அழற்சியும் சிலருக்கு மோசமாகலாம்.

முன்னேற்றத்தை அளப்பதிலும் கவனம் தேவை. வழக்கமான அல்ட்ராசவுண்டு, ஏறக்குறைய 20 சதவீதத்துக்குக் கீழுள்ள கொழுப்பைப் பல நேரங்களில் தவறவிடும்; 5 சதவீதத்தைத் தாண்டினாலே அது கொழுப்புக் கல்லீரல்தான். எனவே 4 கிலோ குறைத்தபின் அறிக்கை 'இயல்பு' என்று வந்தாலும், அந்த 80 கிலோக்காரரின் கல்லீரலில் 12 சதவீதக் கொழுப்பு எஞ்சியிருக்க இடமுண்டு. தழும்பின் அளவை அல்ட்ராசவுண்டு சொல்லாது. அதற்குக் கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் பரிசோதனை தேவைப்படும்.